கர்ப்ப காலத்தில் காது மந்தமானால் பிரசவம் வரை காத்திருக்கலாமா?

"எனக்கு வயது 29. இரண்டாவது கர்ப்பம், ஏழாவது மாதம் நடக்கிறது. முதல் பிரசவத்துக்குப் பிறகே இடது காது கொஞ்சம் மந்தம். இப்போது அது கூடியிருக்கிறது, இரவில் இரைச்சலும் கேட்கிறது. வலி இல்லை, சீழ் இல்லை. என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் முப்பது வயதுக்குள்ளேயே காது கேட்காமல் போனது. கர்ப்பத்தில் காது அடைப்பது சகஜம், குழந்தை பிறந்ததும் சரியாகிவிடும் என்கிறார்கள். பிரசவம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?"

காத்திருக்க வேண்டாம். ஓரிரு வாரங்களுக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்று சொல்லவில்லை. ஆனால் படிப்படியாகக் கூடும் மந்தம், இரைச்சல், வலியோ சீழோ இல்லாமை, தாய்வழியில் இளவயதுச் செவித்திறன் குறைவு ஆகிய எல்லாம் ஒன்றுசேரும்போது, சாதாரண அடைப்பைக் காட்டிலும் ஓட்டோஸ்க்லீரோசிஸ் என்ற நோயைத்தான் நான் முதலில் நினைப்பேன்.

நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சிறு எலும்புகள் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அவற்றில் அங்கவடியின் அடித்தகடு உட்செவியின் சிறு திறப்பில் பொருந்தி அசைவதால்தான் ஒலி உள்ளே போகிறது. இந்த நோயில் அந்தத் திறப்பைச் சுற்றி எலும்பு புதிதாக வளர்ந்து, அடித்தகட்டை இறுகப் பிடித்துக்கொள்கிறது. செவிப்பறை பார்வைக்குப் பழுதில்லாமல் இருக்கும் என்பதால், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புவது இந்த நோயில் அடிக்கடி நடக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகமாகக் காணப்படுகிறது, பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள் தொடங்குகிறது, குடும்பத்தில் தொடர்கிறது. குடும்பத்தில் இருந்தால் எல்லோருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. ஒரு வித்தியாசமான அறிகுறியும் உண்டு: அமைதியான அறையில் பேச்சைப் பிடிக்கத் திணறுபவருக்கு, இரைச்சலான பேருந்துக்குள் ஓரளவு நன்றாகக் கேட்கும். உங்களுக்கு அப்படி இருக்கிறதா என்று கவனியுங்கள்.

கர்ப்பத்தில் இந்த நோய் விரைவாகக் கூடும் என்று பல தலைமுறைகளாக மருத்துவ நூல்கள் சொல்லிவருகின்றன. கர்ப்பத்தின்போது மந்தம் கூடியதாகச் சொல்லும் பெண்களை நாங்களும் பார்க்கிறோம். அதே சமயம், குழந்தை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் இந்த வேறுபாடு எப்போதும் தெளிவாகத் தெரியவில்லை. நோய் தொடங்கும் வயதும் பிள்ளை பெறும் வயதும் ஒன்றாக அமைந்துவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே இந்த நோய்க்காகக் கர்ப்பத்தைப் பழிக்கவோ, அடுத்த குழந்தை வேண்டாம் என்று முடிவெடுக்கவோ தேவையில்லை. பிரசவ முறையையும் இது மாற்றாது.

பரிசோதனைகளில் எதுவும் சிசுவைப் பாதிக்காது. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் காதருகிலும் காதின் பின் எலும்பிலும் மாற்றி வைத்து, எங்கே சத்தமாகக் கேட்கிறது என்று மருத்துவர் கேட்பார். அடுத்து ஆடியோகிராமில் ஒலியைக் காற்றின் வழியாகவும் எலும்பின் வழியாகவும் தனித்தனியே கொடுத்து அளப்பார்கள். உதாரணமாக, இடது காதில் காற்று வழியில் 45 டெசிபலும் எலும்பு வழியில் 15 டெசிபலும் வந்தால், நடுவே 30 டெசிபல் இடைவெளி இருக்கிறது. அதாவது நரம்பு நன்றாக இருக்கிறது, ஒலியைக் கடத்தும் பாதையில்தான் தடை. அந்தத் தடை எதனால் என்பதை, நடுச்செவி அழுத்தத்தையும் செவிப்பறையின் அசைவையும் வரைகோடாகக் காட்டும் டிம்பனோகிராம் பிரித்துக் காட்டும். மூக்கையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் கர்ப்பத்தின் வீக்கத்தால் அடைபட்டிருந்தால் நடுச்செவி அழுத்தம் குறைந்திருக்கும், நீர் கோத்திருந்தால் வரைகோடு தட்டையாக வரும். அழுத்தம் இயல்பாக இருந்து, பலத்த ஒலிக்கு அங்கவடித் தசை காட்ட வேண்டிய அனிச்சைச் செயல் மட்டும் இல்லாவிட்டால் ஓட்டோஸ்க்லீரோசிஸ் என்ற சந்தேகம் வலுக்கும். சி.டி. ஸ்கேனைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டோஸ்க்லீரோசிஸ் உறுதியானாலும் இப்போது அறுவை சிகிச்சை செய்ய மாட்டோம். அங்கவடிக்குப் பதிலாகச் சிறு செயற்கைத் தண்டு பொருத்தும் சிகிச்சை, குழந்தை பிறந்து உடல் தேறிய பிறகு நிதானமாக முடிவெடுக்க வேண்டியது. அதுவரை அன்றாடம் சிரமமாக இருந்தால் காது கேட்கும் கருவி பொருத்தலாம். நரம்பு நன்றாக இருப்பவர்களுக்கு அது நல்ல பலன் தரும். இந்த நோய்க்குச் சில இடங்களில் எழுதித்தரும் சோடியம் ஃப்ளோரைடு மாத்திரையைக் கர்ப்ப காலத்தில் எடுக்கக் கூடாது.

உங்களிடம் சொன்னவர்கள் குறிப்பிட்ட சகஜமான அடைப்பும் இருக்கவே செய்கிறது. மூக்கடைப்போடு சேர்ந்து வரும், கொட்டாவி விட்டால் சற்று விலகும். இதற்கு நேர்மாறாக அந்தக் குழாய் மூடாமல் திறந்தே கிடப்பதும் உண்டு. அப்போது தன் குரலும் மூச்சும் காதுக்குள் பெரிதாக ஒலிக்கும், படுத்தால் குறையும். இவை இரண்டும் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் அடங்கிவிடும்.

உண்மையில் காத்திருக்கவே கூடாதது வேறொன்று. ஒரு காதில் சில மணி நேரத்திலோ, மூன்று நாட்களுக்குள்ளோ கேட்கும் திறன் திடீரென விழுந்தால், அது உட்செவி அல்லது நரம்பின் பாதிப்பாக இருக்கலாம். அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இதற்கான ஸ்டீராய்டு முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம், நாள் கடக்கக் கடக்க வாய்ப்பு குறையும். கர்ப்பிணிகளுக்கு அதைச் செவிப்பறை வழியாக நடுச்செவிக்குள் ஊசியாகப் போடவும் முடியும். மாத்திரையாகக் கொடுக்கும் பிரெட்னிசோலோனிலும் பெரும்பகுதியை நஞ்சுக்கொடி செயலிழக்கச் செய்துவிடுகிறது. ஆனால் சர்க்கரை ஏறும் என்பதால் மகப்பேறு மருத்துவரின் கவனிப்பில்தான் எடுக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகுங்கள். மந்தமான காதுப் பக்கமே அந்த ஒலி சாய்ந்து கேட்டால் குரும்பி, நீர், அங்கவடி போன்ற கடத்தல் தடையாக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதுப் பக்கம் சாய்ந்தால் நரம்பைச் சந்தேகித்து உடனே கிளம்புங்கள். இந்தச் சோதனை எந்தப் பக்கமும் சாயாமலும் போகலாம். மந்தம் திடீரென வந்திருந்தால் விடை எதுவானாலும் மருத்துவரைப் பாருங்கள்.

நாடித்துடிப்போடு ஒத்துத் துடிக்கும் இரைச்சல், கடும் தலைவலியோடும் கண் மங்கலோடும் வந்தால், காது மருத்துவரைத் தேடி அலையாமல் நேராக மகப்பேறு மருத்துவமனைக்குச் சென்று ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். இருபது வாரத்துக்குப் பிறகு அது 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அங்கேயே கவனிக்க வேண்டிய விஷயம். காதின் பின்னால் வலித்து ஒரு பக்க முகம் கோணினாலும், அறை சுழல்வது போன்ற தலைசுற்றலோடு கேட்கும் திறன் குறைந்தாலும், அதே நாளில் பார்க்க வேண்டும்.

போகும் வரை காதில் காய்ச்சிய எண்ணெய் விட வேண்டாம், கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். எண்ணெய் செவிப்பறையை மறைத்துவிடும். சில சொட்டு மருந்துகளில் உள்ள ஜென்டாமைசின், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உட்செவியைக் கெடுக்கக்கூடியது. அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ எடுத்த பழைய ஆடியோகிராம் வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இப்போது எடுக்கும் உங்கள் ஆடியோகிராமையும் பத்திரப்படுத்தி வைத்து, பிரசவத்துக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொன்று எடுங்கள். வீக்கத்தால் வந்த குறை அதற்குள் மீண்டிருக்கும், எலும்பால் வந்த குறை அப்படியே நிற்கும்.