விபத்து ஒன்று, பிரிவு வேறு: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

உச்சிப்புளி பக்கம் என் தம்பி ஓட்டிய மீன் வேன் மோதி, சைக்கிளில் வந்தவர் இறந்துவிட்டார். "வேன் பறந்து வந்தது" என்று ஒரே ஒரு சாட்சி. தண்டனைக்கு அது போதுமா?

அது மட்டும் போதாது. அதிவேகம் என்ற சொல்லை வைத்தே அலட்சியத்தை முடிவு செய்ய முடியாது என்று 1998-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆளில்லாத கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாதாரணமான வேகம், சந்தை முனையில் ஆபத்தானது. போலீஸ் விபத்து இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜரையும், அங்கே வரைந்த மாதிரி வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள். டயர் தடம் எவ்வளவு நீளம், மோதியது சாலையின் எந்தப் பக்கம், விளக்கு இருந்ததா என்பதெல்லாம் அவற்றில் தெரியும்.

தம்பி மேல் போட்டிருப்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற பி.என்.எஸ். சட்டத்தின் பிரிவு 106(1), அதாவது அலட்சியத்தால் மரணம் விளைவித்தல், ஆக இருக்கும். அதிகபட்சம் 5 ஆண்டு, ஜாமீன் உண்டு. அதற்குள்ளேயே இரண்டு மனநிலை இருக்கிறது. ஆபத்து வரலாம் என்று தெரிந்தும் "ஒண்ணும் ஆகாது" என்று வளைவில் முந்துவது அசட்டுத் துணிச்சல். பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே விடுவது அலட்சியம்.

குடித்திருந்தால் நேரே கொலைக் குற்றமா?

இல்லை. ஆனால் பிரிவு 105-க்குப் போகலாம். கொலையாகாத மரணம் விளைவித்தல் என்பார்கள். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, வழக்கு செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும்.

2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவில் குடித்துவிட்டு ஓட்டிய கார், நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள் மேல் ஏறி 7 பேர் இறந்தனர். விசாரணை நீதிமன்றம் அலட்சியம் என்று 6 மாதம் கொடுத்தது. உயர் நீதிமன்றம், இப்படி ஓட்டினால் சாவு நேரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்று சொல்லி 3 ஆண்டாக்கியது. 2012-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அங்கே ஆட்கள் படுப்பது அந்தப் பகுதிக்காரரான அவருக்குத் தெரியும் என்பதும் கணக்கில் வந்தது. போதை ஒரு சான்றுதான். இடம், நேரம், கூட்டம், ஓட்டுநருக்கு என்ன தெரியும் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் 'தெரிந்தே' என்ற வாதம் நிற்கும். திருவிழா நாளில் ராமேசுவரம் ரதவீதிக்குள் போதையில் வேனை விரட்டினால் அந்த வாதம் எளிது. ஆளில்லாத அரிச்சல்முனை சாலையில் கடினம்.

அப்போது கொலை வழக்கு எப்போது?

டீக்கடையில் ஒருவரோடு சண்டை போட்டு, அவர் பைக்கைத் துரத்திப்போய் இடித்துச் சாகடித்தால். வண்டி அங்கே ஆயுதம், அவ்வளவுதான்.

பாம்பன் பாலத்தில் மீன் வண்டி ஒழுகவிட்ட ஐஸ் தண்ணீரில் பைக் சறுக்கி ஒருவர் இறந்தால், அந்த ஓட்டுநர் மேல் வழக்கு வருமா?

வரலாம், நிரூபிப்பதுதான் பெரும்பாடு. தண்ணீர்க் குழாயை அடைக்காமல் ஓட்டியது அலட்சியம் என்று வாதாடலாம். ஆனால் அந்த அலட்சியமே சாவுக்கு நேரடிக் காரணமாக இருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக உள்ள சட்டம். ஒரே இரவில் இருபது வண்டி போயிருந்தால் எந்த வண்டித் தண்ணீர் என்பதே கேள்வி. கேமரா பதிவு கிடைத்தால் மட்டுமே வழக்கு உருப்படும்.