"சரி சார்" என்பவரிடம் என்ன கேட்பது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் மேனேஜராக இருக்கிறேன். என் டீமில் ஒருவர், மூன்று வருட அனுபவம், நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தார். இரண்டு மாதமாக லேப் டிப் அப்ரூவல், அதாவது சாயமேற்றிய துணி மாதிரிக்குப் பையரிடம் வாங்கும் ஒப்புதல், எல்லாமே தாமதம். என்ன சொன்னாலும் "சரி சார்" என்கிறார், அடுத்த வாரமும் அதே கதை. க்ரோ முறையில் கேள்வி கேட்டுப் பேசிப் பாருங்கள் என்கிறார்கள். எப்படிக் கேட்பது?

பதில்: வேலை தெரியாதவரிடம் கேள்வி கேட்டுப் பயனில்லை, அவருக்குச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். உங்கள் ஆள் முன்பு ஒழுங்காகச் செய்தவர் என்பதால் இந்த முறை அவருக்குப் பொருந்தும். தனி அறையில் 40 நிமிடம் ஒதுக்குங்கள். மெமோ கொடுக்கும் எண்ணம் இருந்தால் அதை வேறொரு நாளுக்கு வையுங்கள். மெமோ மேசையில் இருக்கும்போது யாரும் உண்மையைப் பேசமாட்டார்கள்.

க்ரோ 1980களில் பிரிட்டனில் உருவான முறை. கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் அதைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர். கோல், ரியாலிட்டி, ஆப்ஷன்ஸ், வில் என்ற நான்கு படிகள்: இலக்கு, நிலவரம், வழிகள், உறுதி.

இலக்கில் அதிக நேரம் வேண்டாம். ஷிப்மெண்ட் தேதி பையர் வைப்பது, அதில் பேரம் இல்லை என்று நேராகவே சொல்லிவிடுங்கள். அதற்குள், "அடுத்த நான்கு வாரத்தில் உங்கள் கையில் இருக்கிற எது மாறினால் நிம்மதியாக இருக்கும்?" என்று கேளுங்கள். "பையர் சீக்கிரம் அப்ரூவ் பண்ணணும் சார்" என்றால் அது அவர் கையில் இல்லாதது. பையரின் கலர் மாதிரியான ஸ்டாண்டர்ட் வந்த மறுநாளே டையிங்குக்குப் போக வேண்டும் என்பது அவர் கையில் இருப்பது.

நிலவரத்தில்தான் நிதானமாக நிற்க வேண்டும். பெரும்பாலான மேனேஜர்கள் இதை ஐந்து நிமிடத்தில் தாண்டி யோசனை சொல்லப் போய்விடுகிறார்கள். "டையிங்குக்கு போன் பண்ணினீங்களா?" என்றால் "பண்ணினேன் சார்" என்று முடிந்துவிடும். "ஏன் லேட்?" என்றால் சாக்குதான் வரும், ஏனென்றால் ஏன் என்பது காதில் குற்றச்சாட்டாகவே விழும். என்ன, எப்போது, எப்படி, யார் என்று கேளுங்கள். அதுவும் ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு.

உங்களுடையது போன்ற ஒரு நிறுவனத்தில் நான் உடனிருந்த பேச்சு இது. "போன தடவை தாமதமான ஆர்டரில், ஸ்டாண்டர்ட் உங்கள் மேசைக்கு வந்த நாளிலிருந்து என்ன நடந்தது?" என்று மேனேஜர் கேட்டார். திங்கட்கிழமை இரண்டு கலர் வந்ததாகவும், மீதி இரண்டும் வெள்ளிக்கிழமைதான் வந்ததாகவும் அந்தத் தம்பி சொன்னார். "அந்த நாலு நாள் முதல் இரண்டும் எங்கே இருந்தன?" தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. மேனேஜரும் பேசவில்லை. பிறகு வந்தது: "டிராயரில் சார். பிரிச்சுப் பிரிச்சுக் கொடுத்தா டையிங் மாஸ்டர் சத்தம் போடுறார்." இன்னும் கேட்டதில், வேலையை விட்டுப்போன ஒருவரின் பையரும் இவர் தலையில் விழுந்திருந்தது தெரிந்தது. அதைக் கொடுத்தவர் அந்த மேனேஜரேதான். உங்கள் பங்கும் இப்படி வெளியே வரலாம். அப்போது விளக்கம் சொல்லாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வழிகள். "என்னென்ன செய்யலாம்?" என்று கேட்டு, ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் "வேறு?" என்று மட்டும் கேளுங்கள். முதல் பதில் உங்களைத் திருப்திப்படுத்தச் சொல்வது. மூன்றாவது, நான்காவதில்தான் சொந்த யோசனை வரும். "ஏன் ஒரு எக்ஸெல் ஷீட் போடக்கூடாது?" என்பது கேள்வி வேடத்தில் வரும் உத்தரவு. அதைக் கேட்டதும் பழைய "சரி சார்" திரும்பிவிடும். உங்களிடம் யோசனை இருந்தால் அவர் பட்டியல் தீர்ந்த பிறகு, "நான் ஒன்று சொல்லட்டுமா?" என்று கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தம்பி கடைசியாகச் சொன்னது, வந்த கலரை வந்த அன்றே அனுப்புவது, டையிங் மாஸ்டரிடம் மேனேஜர் ஒருமுறை பேசிவிடுவது.

கடைசிப் படியான உறுதியில் எதை, எந்த நாளில், யாரிடம் என்று அவரே தன் நோட்டில் எழுதட்டும். "இதைச் செய்துமுடிப்பீர்கள் என்பதற்குப் பத்துக்கு எவ்வளவு போடுவீர்கள்?" என்று கேளுங்கள். எட்டுக்குக் கீழே சொன்னால் அதட்ட வேண்டாம், "எது இருந்தால் எட்டாகும்?" என்று கேட்டு வேலையைச் சிறிதாக்குங்கள். அந்தத் தம்பி ஆறு என்றார். மூன்று பையருக்கும் செய்வதற்குப் பதில் முதலில் ஒரு பையருக்கு மட்டும் என்றதும் ஒன்பது என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் மறுபடி உட்காருங்கள். "எது நடந்தது, எது நடக்கவில்லை?" என்று ஆரம்பியுங்கள். நீங்கள் ஒப்புக்கொண்ட வேலை இருந்தால், உதாரணமாக அந்த டையிங் மாஸ்டருக்கு போன், அதை வியாழனுக்குள் முடித்திருக்க வேண்டும். மூன்று, நான்கு வெள்ளிக்கிழமை போயும் அவர் நோட்டில் எழுதியது நடக்கவில்லை என்றால் கேள்விகளை நிறுத்திவிட்டு, எந்தத் தேதிக்குள் என்ன மாற வேண்டும் என்று வெளிப்படையாக எழுத்தில் கொடுங்கள்.