16 வயதில் ஆளுமைக் கோளாறு என்று சொல்லலாமா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. சின்ன விஷயத்துக்கும் வெடிக்கிறாள். நேற்று உயிராக இருந்த தோழி இன்று துரோகி. எங்கேயோ படித்துவிட்டு, ‘எனக்கு பார்டர்லைன் பர்சனாலிட்டிதான்’ என்கிறாள். டாக்டரோ இரண்டு முறை பார்த்த பிறகும், ‘இப்போது பெயர் எதுவும் வைக்க வேண்டாம்’ என்கிறார். மழுப்புகிறாரா?

பதில்: மழுப்பவில்லை அம்மா. பார்டர்லைன் என்பது உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் அலைபாயும் ஓர் ஆளுமைக் கோளாறு. இரண்டு சந்திப்பில் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

முன்கோபம், சட்டென்று புண்படுவது எல்லாம் குணம். அந்தக் குணம் வீடு, பள்ளி, நட்பு என்று போகிற இடமெல்லாம் ஒரே மாதிரி கூடவே வந்து, சூழ்நிலை மாறினாலும் தான் மாறாமல், வருடக்கணக்கில் வாழ்க்கையைக் குலைத்தால்தான் கோளாறு என்று யோசிக்கவே ஆரம்பிப்போம். 18 வயதுக்குக் கீழ் என்றால், அந்த அறிகுறிகள் குறைந்தது 1 வருடமாவது நீடித்திருக்க வேண்டும் என்று, மனநலக் கோளாறுகளை அடையாளம் காண டாக்டர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம் கையேடு கேட்கிறது. சமூக விரோத ஆளுமைக் கோளாறை மட்டும் 18 ஆகும்வரை சொல்லவே கூடாது.

நான் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றித்தான். 17 வயது. பார்டர்லைனுக்கு 9 அறிகுறிகளில் 5 இருந்தால் போதும். முதல் நாளே அவளிடம் 5 இருந்தன. ஆனால் அவள் அம்மாவிடம், ‘இது எப்போதிலிருந்து?’ என்று கேட்டதும் கதை மாறியது. ஏழு மாதம் முன்புவரை அவள் அப்படி இல்லை. அதற்கப்புறம்தான் தூக்கம் போய், சாப்பாடு குறைந்து, எல்லார் மேலும் எரிந்து விழ ஆரம்பித்திருக்கிறாள். இந்த வயதில் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராது, எரிச்சலாகத்தான் வரும். அதற்குச் சிகிச்சை கொடுத்தோம், நாலைந்து மாதத்தில் வெறுமையும் வெடிப்பும் அடங்கிவிட்டன. எஞ்சியது சீக்கிரம் புண்படுகிற மனசு, அது அவள் குணம். முதல் நாளே பெயர் எழுதியிருந்தால் அது ஃபைலோடு போயிருக்கும், அடுத்த முறை அவள் வலி என்று வந்து நிற்கும்போது ‘கவனம் ஈர்க்கப் பார்க்கிறாள்’ என்று யாராவது தள்ளிவிட்டிருப்பார்கள். அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அதற்காக 18 வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதும் தப்பு. உண்மையிலேயே கோளாறு இருக்கும் பிள்ளைகளுக்கு அது இந்த வயதில்தான் தலைகாட்டுகிறது, உணர்ச்சியைக் கையாளப் பழக்கும் சிகிச்சையைப் பெயர் இல்லாமலேயே தொடங்கலாம். எனவே டாக்டரிடம், ‘பெயர் வேண்டாம், சரி. இப்போது எதற்குச் சிகிச்சை தருகிறீர்கள்?’ என்று கேளுங்கள். ஒவ்வொரு வெடிப்புக்கும் முன்னால் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, முந்தின இரவு தூங்கினாளா என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். கையைக் கீறிக்கொண்டாலோ, சாக வேண்டும் என்று சொன்னாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காதீர்கள், தனியாக விடாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.