சும்மா கிடக்கும் பவர் பேங்க்: எவ்வளவு சார்ஜில் வைக்கலாம்?

கேள்வி: கூடுதலாக ஒரு பவர் பேங்க் இருக்கிறது, ஆறு மாதம் தொடமாட்டேன். ஃபுல் சார்ஜ் போட்டு வைக்கட்டுமா?

வேண்டாம், பாதியில் வையுங்கள். ஃபுல் சார்ஜில் உள்ளே இருக்கும் பேட்டரி செல் 4.2 வோல்ட் பக்கம் நிற்கும். அந்த நிலையில், அதுவும் சூடான அறையில், செல்லுக்குள் இருக்கும் திரவம் மெல்லச் சிதையும். அப்படிக் குறைந்த கொள்ளளவு திரும்ப வராது. பாதி சார்ஜில் 3.7, 3.8 வோல்ட்தான், சிதைவும் மெதுவாகும்.

நான்கு விளக்கு உள்ளதென்றால், அதிலிருந்து போனுக்கு சார்ஜ் ஏற்றுங்கள். மூன்றாவது விளக்கும் அணைந்து இரண்டு மட்டும் எரியும்போது நிறுத்துங்கள், அதுதான் ஏறக்குறைய பாதி. கேபிளைக் கழற்றிவிட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து பட்டனை அழுத்திப் பாருங்கள். ஒரு விளக்குதான் எரிகிறது என்றால் மூன்றாவது எரியத் தொடங்கும்வரை ஏற்றுங்கள். அப்புறம், எடுக்கும்போதெல்லாம் உப்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

கேள்வி: பழைய போனை 0% ஆகி அணைந்ததும் டிராயரில் போட்டேன். ஒரு வருடம் கழித்து உயிரே வரவில்லை.

அணைத்து வைத்த போனிலும் பாதுகாப்பு சர்க்யூட் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும், பேட்டரி சார்ஜும் தானாக இறங்கும். வோல்டேஜ் மிகவும் கீழே போனால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். பிறகு சார்ஜ் ஏற்றினால் அந்தச் செம்பு தவறான இடத்தில் படிந்து உள்ளுக்குள் ஷார்ட் ஆகலாம். உப்பவில்லை என்றால் போனுக்கான சார்ஜரில் அரை மணி நேரம், பக்கத்திலேயே இருந்து ஏற்றிப் பாருங்கள். எழவில்லையா, பேட்டரியை மாற்றுங்கள். வயர் வைத்து நேரடியாக உசுப்ப வேண்டாம்.

கேள்வி: விமான சரக்கில் 30%தானே விதி? அப்படியானால் 30தான் சிறந்தது.

விதி உண்மை. தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரிக்கு 2016 முதல் அந்த வரம்பு இருக்கிறது. ஆனால் அது தீப்பிடித்தால் வீரியம் குறைவாக இருக்கட்டும் என்பதற்காக. நீங்கள் ஆறு மாதம் மறந்துபோவதை அது கணக்கில் எடுக்கவில்லை.

கேள்வி: ஆனால் சார்ஜ் குறையக் குறைய சிதைவும் குறையும் என்றால் 30 இன்னும் நல்லதுதானே?

செல்லை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. மாதாமாதம் பார்ப்பவர் தாராளமாக 30-இல் வைக்கலாம். நான் பயப்படுவது சார்ஜ் கசிவதற்கு. பவர் பேங்கின் சர்க்யூட் எவ்வளவு குடிக்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், 30-இல் தொடங்கினால் அடிமட்டம் பக்கத்தில் இருக்கிறது. உங்களுடையது மூன்று மாதத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வி: ஃபுல் போட்டு வைத்தால் என்ன ஆகும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கார் பேட்டரியும் பாதியில்தானா?

இல்லை. லெட் ஆசிட் என்றால் நேர்மாறு, ஃபுல் சார்ஜில் வைக்க வேண்டும். மற்றதை கார் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

கேள்வி: என்னுடையது லேசாக உப்பியிருக்கிறது. 50% வைத்தால் சரியாகுமா?

ஆகாது. சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். எரியும் பொருள் பக்கத்தில் இல்லாமல் தனியே வைத்து, குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.