மனுவில் யாருடைய குரல்?

அன்புள்ள ஐயா,

சாயல்குடியில் இருக்கிறேன். கொஞ்சம் படித்தவன் என்பதால் மனு எழுதித் தரச் சொல்லிப் பலர் வருகிறார்கள். போன வாரம் உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா வந்தார். அவர் சொன்னது: "காலெல்லாம் புண்ணு தம்பி, அது கிடக்கட்டும். கூலியில ரெண்டு நா காணோம், செவ்வாயும் புதனும். அன்னிக்கு நீ வரலங்குறாரு கங்காணி. நான் வந்தேன், உப்பு வாருனேன், பக்கத்துப் பாத்தி மதினியும் பாத்துச்சு. நோட்டுல எம்பேரையே எழுதலயாம். ஏன்னு கேட்டதுக்கு, அப்ப நாளைலருந்து வராதன்னுட்டாரு. எனக்கு அந்தக் கூலியும் வேணும், வேலையும் வேணும்."

நான் எழுதியது: "உப்பள நிர்வாகம் திட்டமிட்டு எனது பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கி, இரண்டு நாள் ஊதியத்தை மோசடி செய்ததுடன், நியாயம் கேட்ட என்னைப் பணிநீக்கமும் செய்துவிட்டது. கடும் நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்."

மனுவில் பேச்சுச் சொற்களை எந்த அளவுக்கு விடலாம்? கையால் எழுதினால் போதுமா, தட்டச்சு செய்ய வேண்டுமா?

ம., சாயல்குடி

அன்புள்ள தம்பி,

கையெழுத்து புரிந்தால் போதும், அதை விடு. பேச்சுச் சொற்களைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அந்த அக்கா உன்னிடம் எவ்வளவு துல்லியமாகப் பேசியிருக்கிறார்! நீ எழுதியதில் அவர் சொன்ன ஒன்றுகூட அவர் சொன்னபடி இல்லை.

என் பெரியப்பா ராமநாதபுரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தவர். ஆள் பேசி முடிக்கும்வரை பேனாவின் மூடியைக் கழற்ற மாட்டார். முடித்த பிறகு ஒவ்வொரு வாக்கியமாகத் திருப்பிக் கேட்பார்: "இது நீ கண்ணால பாத்ததா, காதால கேட்டதா?" சின்னப் பையனாக நான் பக்கத்தில் நிற்பேன். பாவம், அழுதுகொண்டு வந்தவர்களை இப்படிக் குடைகிறாரே என்று தோன்றும். விசாரணைக்குப் போய்த் திரும்பியவர்கள் நேராக அவரிடம் வந்து உட்கார்ந்து, நடந்ததைச் சொல்வார்கள். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு விளங்கியது.

"எம்பேரையே எழுதலயாம்" என்று அக்கா சொன்னார் அல்லவா? அந்த "ஆம்" உன் மனுவில் எங்கே போயிற்று? அவர் நோட்டைப் பார்க்கவில்லை, யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள் என்பது முழுவதும் அந்த ஓர் அசையில்தான் இருக்கிறது. நம் பேச்சில் எல்லோரும் தன்னை அறியாமலே இந்தக் கணக்கைச் சரியாக வைத்திருக்கிறோம். மனுத் தமிழுக்கு மாற்றும்போது முதலில் உதிர்வது அதுதான். நீ அதை உதிர்த்ததோடு நிற்கவில்லை. "எழுதலயாம்" என்பதைப் "பெயரை நீக்கி" என்று ஆக்கிவிட்டாய். எழுதாமல் விடுவது ஒன்று, எழுதிய பெயரை அடிப்பது வேறொன்று. நாளைக்கு அதிகாரி அந்த நோட்டை வரவழைத்துப் பார்ப்பார். அடித்த தடயம் எதுவும் இருக்காது. "நீக்கியதாக எழுதியிருக்கிறாயே, நீ பார்த்தாயா?" என்று கேட்பார். அக்கா உண்மையைத்தான் சொல்வார்: "இல்லைங்கய்யா." அந்த ஒரு பதிலோடு, அவர் கண்ணால் பார்த்த மற்றதன் மேலும் சந்தேகம் விழுந்துவிடும்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிற மனு ஆட்சியர் மேசையோடு நிற்பதில்லை. கூலிப் பிரச்சினை என்றால் தொழிலாளர் துறைக்குப் போகும். அங்கே அதை எடுத்துப் படிப்பவர் அக்காவின் குரலைக் கேட்டவர் அல்ல. அவருக்குத் தாள் மட்டும்தான். "திட்டமிட்டு மோசடி" என்பதை வைத்துக்கொண்டு அவர் எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கத்தைத் திறப்பார்? செவ்வாய், புதன் என்று தேதியோடு இருந்தால் வருகைப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தையும், கூலிக் கணக்கில் அந்த வாரத்தையும் கேட்கலாம். அக்கா கொடுத்த கிழமைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வசனத்தை வைத்திருக்கிறாய். காலண்டரை அவர் முன்னால் வைத்து, இரண்டு பேருமாகத் தேதியைக் கண்டுபிடியுங்கள். அவருக்கு உறுதி இல்லாவிட்டால் கிழமையை மட்டும் எழுது. நீயாக ஒரு தேதியைப் போடாதே.

நிர்வாகம் என்பதும் அப்படித்தான். பேசியது கங்காணி. முதலாளிக்கு இது தெரியுமா என்பது அக்காவுக்கே தெரியாது, உனக்கு எப்படித் தெரியும்?

இப்போது உன் பேச்சுச் சொல் கேள்விக்கு வருகிறேன். கங்காணியின் வாயிலிருந்து வந்த சொல்லே குறையாக இருக்கிற இடத்தில், மேற்கோள் குறிக்குள் அப்படியே விடு. மற்றதெல்லாம் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். நான் எழுதியிருந்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"சென்ற வாரம் செவ்வாய், புதன் ஆகிய இரண்டு நாள்களும் நான் உப்பு வாரும் வேலை செய்தேன். பக்கத்துப் பாத்தியில் வேலை செய்யும் (பெயர்) அதைப் பார்த்திருக்கிறார். அந்த வாரக் கூலியில் இந்த இரண்டு நாள் கூலி இல்லை. அந்த நாள்களில் நான் வரவில்லை என்று கங்காணி கூறுகிறார். நோட்டில் என் பெயரை எழுதவில்லை என்று (பெயர்) என்னிடம் கூறினார், நோட்டை நான் பார்க்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு, கங்காணி 'அப்ப நாளைலருந்து வராத' என்றார். இரண்டு நாள் கூலியைப் பெற்றுத் தரவும், நான் தொடர்ந்து வேலை செய்ய வழி செய்யவும் வேண்டுகிறேன்."

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. மறுநாள் அக்கா வேலைக்குப் போனாரா? போய்த் திருப்பி அனுப்பினார்களா, அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுப் போகாமலே இருந்துவிட்டாரா? நீ கேட்கவே இல்லை. "நாங்கள் நிறுத்தவில்லை, அவராகத்தான் நின்றுவிட்டார்" என்பதுதான் எதிர்த்தரப்பு சொல்லப்போகிற முதல் பதில். கேட்டுவிட்டு, நடந்தது எதுவோ அதை ஒரு வரியாகச் சேர். நோட்டைப் பற்றிச் சொன்னவர் பெயரைப் போடலாமா என்றும் கேள். வேண்டாம் என்றால் "உடன் வேலை செய்பவர் ஒருவர்" என்று எழுது. சாட்சி சொல்ல மதினி சம்மதித்தால்தான் அவர் பெயரும்.

கடும் நடவடிக்கையை யார் கேட்டார்கள்? அக்கா கேட்டது கூலியும் வேலையும். வழக்கு முடிந்ததும் அதே கங்காணியின் கீழ்தான் அதே பாத்தியில் அவர் இறங்க வேண்டும். உன் ஆத்திரத்தை அவர் கைரேகைக்கு மேலே எழுதாதே. உனக்கு நல்ல மனசு, தெரிகிறது. ஆனால் அந்தத் தாள் அக்காவுடையது.

கால் புண்ணை "அது கிடக்கட்டும்" என்றார். கிடக்கட்டுமா என்று ஒருமுறை கேட்டுப் பார். பூட்ஸ் கேட்டு மனு வேண்டும் என்றால் தனித் தாளில் எழுது, கூலியோடு கலக்காதே.

எழுதி முடித்ததும் படித்துக் காட்டி "சரிதானேக்கா?" என்று கேட்பாய். படித்த பிள்ளை கேட்டால் "சரி தம்பி" என்றுதான் சொல்வார். அப்படிக் கேட்காதே. ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, "இதுல என்ன இருக்குக்கா, நீங்க சொல்லுங்க" என்று கேள். அவர் திருப்பிச் சொல்வதில் இல்லாத ஒன்று தாளில் இருந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுது. அதற்குப் பிறகு கைரேகை வாங்கு. படித்துக் காட்டியதாகக் கீழே ஒரு வரி எழுதி உன் கையெழுத்தையும் போடு. ஒரு நகலையும், மனுவுக்குக் கொடுக்கிற ஒப்புகைச் சீட்டையும் அக்காவிடமே கொடுத்துவிடு. உன் பையில் வைத்துக்கொள்ளாதே.