பிபி மாத்திரையும் விடாத வறட்டு இருமலும்

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. சர்க்கரை, பிபி இரண்டும் உண்டு. மூன்று மாதமாக எனலாப்ரில் 5 மி.கி. சாப்பிடுகிறார். ஒன்றரை மாதமாகத் தொண்டையில் அரிப்பு, வறட்டு இருமல். மூன்று பாட்டில் டானிக் குடித்தும் நிற்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிடலாமா? – வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம், பிபி ஏறிவிடும். ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. எனலாப்ரில் தடுக்கும் நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பது. அது சிதையாமல் மூச்சுக்குழாயில் தேங்கி நரம்புகளைச் சீண்டுவதால்தான் இருமல். அங்கே வெளியேற்றச் சளியே இல்லை. டானிக் என்ன செய்யும்? இந்த இருமல் முதல் மாத்திரையிலேயே வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம். பெண்களுக்கு அதிகம்.

இருந்தாலும் மருத்துவர் உடனே மாத்திரை மீது பழி போட மாட்டார். சளி, காய்ச்சல், எடைக்குறைவு உண்டா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, இளைப்பு, நெஞ்செரிச்சல் உண்டா என்று கேட்பார். இரண்டு வாரம் தாண்டிய இருமல், அதோடு சர்க்கரையும் என்றால் காசநோய்ப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. மார்பு எக்ஸ்ரே எடுத்து, சளி வந்தால் அதையும் சோதிப்பார்கள்.

அதில் ஒன்றும் இல்லையென்றால், இருமல் எவ்வளவு தொந்தரவு என்பதே கேள்வி. எப்போதாவது ஒரு செருமல் என்றால் பொறுத்துப் பார்க்கலாம். தூக்கம் கெடுகிறது, இருமும்போது சிறுநீர் கசிகிறது என்றால் மாற்றுவதே சரி. கூச்சத்தில் அம்மா இதைச் சொல்லாமல் இருக்கலாம்; நீங்கள் கேளுங்கள்.

ராமிப்ரில், லிசினோப்ரிலுக்கு மாற்றிப் பயனில்லை, அவையும் அதே குடும்பம். அளவைக் குறைத்தாலும் பெரும்பாலும் நிற்காது. லோசார்டான், டெல்மிசார்டான் வகை பிராடிகைனினைத் தேக்காது. வெறும் பிபி மட்டும் என்றால் அம்லோடிபின்கூடப் போதும். சர்க்கரையோடு சிறுநீரில் புரதமும் போனால், சிறுநீரகத்தைக் காக்க சார்டான் வகையையே மருத்துவர் விரும்புவார். அதனால் சிறுநீர்ப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். பொதுவாக இன்று எனலாப்ரில், நாளை அதே நேரத்தில் புது மாத்திரை, இடைவெளி தேவையில்லை. ஓரிரு வாரத்தில் பிபி, கிரியாட்டினின், பொட்டாசியம் பார்ப்பார்கள்.

இருமல் மூன்றே நாளில் போய்விடாது. பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரம், சிலருக்கு மூன்று மாதம்வரை ஆகும். அதற்குப் பிறகும் நீடித்தால் காரணம் வேறு.

உதடு, நாக்கு, முகம் வீங்கினால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

2021-இல் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக மாத்திரை வீட்டுக்கே வருகிறதென்றால், கொண்டுவருபவரிடமும் மாற்றத்தைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய எனலாப்ரிலும் வந்துகொண்டே இருக்கும். எனலாப்ரிலையும் சார்டானையும் சேர்த்து விழுங்கினால் பொட்டாசியம் ஏறலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். மீதமுள்ள அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.