அலாரம் 51, விரல் 134: எதை நம்புவது?

"அப்பத்தாவுக்கு 72 வயது. காலையும் இரவும் இன்சுலின் ஊசி. இடது கையில் சென்சார் ஒட்டியிருக்கிறோம். போன வாரம் இரவு 2:40க்கு என் போன் அலறியது. Urgent Low, 51 என்று காட்டியது. எழுப்பினால், 'எனக்கு ஒன்றும் இல்லை, படுக்க விடு' என்கிறார். பயத்தில் குளுக்கோஸ் பவுடரை அவர் உள்ளங்கையில் கொட்டிச் சாப்பிட வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து விரலில் குத்திப் பார்த்தேன். 134. சென்சாரோ அப்போதும் 58. எதை நம்புவது? இனி குத்திப் பார்த்த பிறகுதான் குளுக்கோஸ் கொடுக்க வேண்டுமா?"
தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி

அப்பத்தா தெளிவாகப் பேசுகிறார், மீட்டரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது என்றால் முதலில் குத்திப் பாருங்கள். வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல், காரணமில்லாத கோபம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் முதலில் குளுக்கோஸ், குத்துவது பிறகு. மீட்டர் எங்கே வைத்தோம் என்று அலமாரி அலமாரியாகத் தேட வேண்டிய நிலை என்றாலும் குளுக்கோஸ்தான் முதலில். பொய்யான அலாரத்துக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்துவிட்டால் விடியும்போது சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கும், அவ்வளவுதான். உண்மையான 51ஐத் தவறவிட்டால் வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். இரண்டு தவறுகளின் விலையும் ஒன்றல்ல.

'எனக்கு ஒன்றும் இல்லை' என்று அவர் சொன்னதை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை 54க்குக் கீழே போகும்போது மூளைக்கே தீனி குறைகிறது. அந்த நேரத்தில் பலர் அடித்துப் பேசுவார்கள், தம்ளரைத் தட்டிவிடுவார்கள். பல ஆண்டுகளாக இன்சுலின் போடும் வயதானவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் மழுங்கிப்போவதும் உண்டு. அதனால் பிடரியில் கை வைத்துப் பாருங்கள், ஈரமாக, சில்லென்று இருக்கிறதா என்று. 'இன்று என்ன கிழமை, ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்' என்று கேளுங்கள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் எரிச்சலோடாவது சரியான பதிலைச் சொல்வார். சர்க்கரை இறங்கியவர் கேள்வியைப் பிடிக்கவே திணறுவார்.

இனி உங்கள் இரண்டு எண்களுக்கு வருகிறேன். அந்த 134ஐ நான் நம்பமாட்டேன். மீட்டர் பழுது என்பதால் அல்ல. அப்பத்தா கையில் குளுக்கோஸ் ஒட்டியிருந்ததால். இன்றைய ஸ்ட்ரிப்புகள் உறிஞ்சும் ரத்தம் ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவு. சர்க்கரை 100 என்றால், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் ஒரே ஒரு மைக்ரோகிராம். விரல் ரேகைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் தூள் அதைவிடப் பல மடங்கு இருக்கும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்திப் பார்த்துவிட்டு 'டாக்டர், 260' என்று பதறி வந்தவரை, கை கழுவச் சொல்லி மறுபடி பார்த்ததில் 128 வந்தது. அவருக்கு அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். உங்களுக்கு அப்படியல்ல. உள்ளே 55 இருக்கும்போது வெளியே 134 காட்டினால் நீங்கள் நிம்மதியாகப் படுத்துவிடுவீர்கள்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. வாயில் போட்ட குளுக்கோஸ் வயிற்றைத் தாண்டிக் குடலுக்குப் போய் ரத்தத்தில் ஏற பத்துப் பதினைந்து நிமிடமாவது வேண்டும். ஐந்து நிமிடத்தில் 51 ஏறி 134 ஆவது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே ஒன்று, விரல் சுத்தமாக இல்லை. அல்லது தொடக்கத்திலேயே ரத்தத்தில் 51 இருக்கவில்லை.

சென்சாரின் 58 இந்த வழக்கைத் தீர்க்காது. சென்சார் ரத்தத்தைத் தொடுவதே இல்லை. தோலுக்கடியில் செல்களைச் சுற்றியிருக்கும் நீரில் உள்ள குளுக்கோஸைத்தான் அளக்கிறது. ரத்தத்தில் நடப்பது அங்கே தெரிய ஐந்து முதல் பத்து நிமிடம் பிந்தும். சர்க்கரை வேகமாக ஏறி இறங்கும்போது இன்னும் சற்றுக் கூடுதலாகவும் பிந்தும். குளுக்கோஸ் கொடுத்த பிறகு ரத்தம் தேறிவிட்டாலும் சென்சார் கொஞ்ச நேரம் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து இன்னொரு கை, இன்னொரு கை என்று கொட்டித்தான் பல வீடுகளில் காலையில் 300ல் வந்து நிற்கிறார்கள்.

அப்படியானால் அன்று நடந்தது என்ன? போனில் அந்த இரவின் கோட்டைத் திறந்து பாருங்கள். உண்மையான இறக்கம் பெரும்பாலும் சரிவுப் பாதைபோல இருக்கும். பதினொரு மணிக்கு 130, நள்ளிரவில் 105, ஒன்றரைக்கு 80, பிறகு 51 என்று படிப்படியாக இறங்கும். கிணற்றுச் சுவர்போல ஒரேயடியாக, 115லிருந்து கால் மணி நேரத்துக்குள் 51க்கு விழுந்து, அவரை எழுப்பி உட்காரவைத்ததும் அதே வேகத்தில் மேலே வந்திருந்தால், அது கை நசுங்கியதால் வந்த பொய் இறக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். சென்சார் இருக்கும் கையின் மேலேயே ஒருக்களித்துப் படுத்தால் அந்த இடத்துக்கு ரத்தமும் நீரும் வருவது குறைகிறது. அந்தச் சின்னத் திட்டில் மட்டும் குளுக்கோஸ் இறங்குகிறது. உடம்பில் இறங்குவதில்லை.

நம் பக்கத்தில் இதை அடிக்கடி பார்க்கிறேன். வீட்டில் கட்டிலும் மெத்தையும் இருக்கும்; அப்பத்தாக்களுக்கு ஆத்தங்குடிக் கல் தரையில் பாயை விரித்து, கையைத் தலைக்கு அண்டக் கொடுத்துப் படுத்தால்தான் தூக்கம் வரும். மெத்தை கொஞ்சமாவது உள்வாங்கும், கல் தரை உள்வாங்காது. அவர் எந்தப் பக்கம் படுக்கிறார் என்று இரண்டு இரவு கவனியுங்கள். இடப்பக்கம் என்றால் அடுத்த சென்சாரை வலது கையில் ஒட்டுங்கள்.

ஆனால் கோட்டைப் பார்த்து 'ஓ, கை நசுங்கியிருக்கிறது' என்று நடுராத்திரியில் நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் படுக்கக் கூடாது. கோடு மறுநாள் ஆராய்ச்சிக்கு. இரவில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது சுத்தமான விரல்.

அடுத்த முறை அலாரம் அடித்தால் விளக்கைப் போட்டு அவரை எழுப்பி உட்காரவையுங்கள். பிடரியும் பேச்சும் சரியாக இருந்தால், சோப்புப் போட்டு விரலைக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து எண் குறைந்துவிடும். கழுவ வழியில்லை என்றால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை எடுங்கள். 70க்குக் கீழே வந்தால் உடனே குளுக்கோஸ். 100ஐத் தாண்டி வந்தால் ஒன்றும் கொடுக்காமல், அந்தக் கை நசுங்காதபடி திரும்பிப் படுக்கவைத்து, பதினைந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை குத்துங்கள். இடைப்பட்ட எண் வந்து, சென்சாரில் அம்புக்குறி கீழ்நோக்கியும் இருந்தால் நான் கொடுத்துவிடச் சொல்வேன். மீட்டரிலும் துல்லியத்துக்கு எல்லை உண்டு. 100க்குக் கீழே 15 புள்ளி முன்பின் இருக்கலாம் என்று தர விதியே அனுமதிக்கிறது. மீட்டரில் 78 என்பது உள்ளே 65 ஆகவும் இருக்கலாம். அதேபோல, சென்சார் 51, மீட்டர் 63 என்று வந்தால் இரண்டும் சண்டை போடவில்லை. ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

கொடுக்கும் அளவு 15 கிராம். தலைதட்டிய சிறு தேக்கரண்டியில் சுமார் நான்கு, அரை தம்ளர் தண்ணீரில் கரைத்து. 'ஒரு கை' என்பது அளவே அல்ல. பகலிலேயே எடை போட்டு 15 கிராம் பொட்டலங்களாகக் கட்டி, மீட்டரோடு ஒரே டப்பாவில் அவர் தலைமாட்டில் வைத்துவிடுங்கள். அவர் மாத்திரைகளில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் சீனி, வெல்லம், பனங்கற்கண்டு எதுவும் அவசரத்துக்கு உதவாது. அந்த மாத்திரைகள் அவற்றைக் குடலில் உடையவிடாமல் தடுக்கின்றன. குளுக்கோஸ் மட்டுமே வேலை செய்யும். கந்தரப்பமும் கவுனி அரிசியும் இனிப்புதானே என்று எடுத்து நீட்டுகிறவர்கள் உண்டு. எண்ணெயும் நெய்யும் தேங்காயும் சேர்ந்த பண்டம் வயிற்றைவிட்டு இறங்கவே நேரமாகும்.

கொடுத்த பிறகு பதினைந்து நிமிடம் காத்திருங்கள். இந்த இடத்தில் விரலில் குத்துவது கட்டாயம். முன் சொன்ன காரணத்தால் சென்சாரைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மறுபடி கையைக் கழுவிவிட்டுத்தான். இன்னும் 70க்குக் கீழே என்றால் இன்னொரு பொட்டலம். தேறிவிட்டால் இரண்டு பிஸ்கட்டும் அரை தம்ளர் பாலும் கொடுத்துப் படுக்கவையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால், ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கலாம். விடியும்வரை கண் வைத்திருக்க வேண்டும்.

எழுப்பியும் விழிக்கவில்லை, விழுங்க முடியவில்லை என்றால் வாயில் ஒரு சொட்டுக்கூட ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். குத்திப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அலாரமே அடிக்காத இரவுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதிதாக ஒட்டிய சென்சார் முதல் 24 மணி நேரம் அவ்வளவு நம்பகமாக இருக்காது. அன்று எந்த அலாரம் வந்தாலும், அலாரம் வராமல் அப்பத்தாவுக்கு வியர்த்தாலும் குத்திப் பாருங்கள். சில சென்சார்களில், வைட்டமின் சி மாத்திரை அதிகம் எடுத்தால் எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்; அப்போது உண்மையான இறக்கமே மறைந்துவிடும். உங்கள் சென்சாரோடு வந்த கையேட்டில் அந்த வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, 2:40 என்ற அந்த நேரம். இரவு எட்டு மணிக்குப் போடுவது 30/70 கலவை இன்சுலின் என்றால், அதிலுள்ள நடுத்தர இன்சுலின் வேகம் பிடிப்பது ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். ராத்திரிச் சாப்பாடு இரண்டு இட்லியோடு முடிந்த நாளில் 51 பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அலாரம் அடித்த நேரம், சென்சார் எண், கழுவிய விரலின் எண், அன்றிரவு சாப்பிட்டது, ஊசி அளவு ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். விரலிலும் 70க்குக் கீழே வந்த இரவு ஒன்று பதிவானாலே, அன்று மாலை ஊசி போடுவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் அந்த நோட்டைக் காட்டி, மாலை அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள்.